"பூச்சிய பில்" என்று வருகிறவரிடம் கேட்க வேண்டியவை

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமாருக்கான கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சம்பளப் பேச்சு, வீட்டுப் பேச்சு என்று நாம் வழக்கமாகப் பேசும் விடயங்களுக்கு இடையில் இன்று ஒரு துண்டுப் பிரசுரத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். கீழ்ப் பிரிவில் இருந்து நம்முடைய அங்கத்தவர் ஒருவர் இதைக் கொண்டு வந்து, "இதில் கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்டார். பளபளப்பான தாள். மேலே ஒரு வீடு, கூரையில் சோலார் தகடு, பக்கத்தில் பெரிய எழுத்தில் "கரண்ட் பில் பூச்சியம். வாழ்நாள் முழுவதும் இலவச மின்சாரம்." அதற்குக் கீழே பேனையால் அவருக்கென்றே எழுதிக் கொடுத்த ஒரு கணக்கும் இருந்தது. நாம் பேசப் போவது அந்தக் கணக்கைப் பற்றித்தான். கம்பனியின் பெயர் நமக்கு வேண்டாம். இதே மாதிரித் தாள் வேறு பெயர்களிலும் சுற்றுகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சோலார் ஏமாற்று வேலை அல்ல. கூரையில் தகடு போட்டு மின்சார சபைக்கு மின்சாரம் கொடுத்துக் காசு வாங்குகிறவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். 2016இல் அரசாங்கம் தொடங்கிய சூரிய சக்தித் திட்டத்தில் சேர்ந்து நன்மை அடைந்த வீடுகளும் கடைகளும் உண்டு. கேள்வி என்னவென்றால், அது யாருக்குப் பொருந்தும், எந்த விலைக்குப் பொருந்தும் என்பதுதான். மாதம் 250 யூனிட் எரிக்கிற வீட்டுக்குச் சொல்ல வேண்டிய கதையை 54 யூனிட் எரிக்கிற வீட்டுக்கு வந்து சொல்கிறார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

அந்த அங்கத்தவரின் வீட்டில் நாலு பல்ப், ஒரு டீவி, ஒரு ஸ்திரிக்கைப் பெட்டி, போன் சார்ஜர்கள், சின்னதாக ஒரு பிரிஜ். பில்லில் 54 யூனிட் இருந்தது. 2025 நடுப்பகுதியில் இருந்த விலைப்படி, 60 யூனிட்டுக்குள் நிற்கிற வீட்டுக்கு முதல் 30 யூனிட் ஒவ்வொன்றும் 4 ரூபாய் 50 சதம், அடுத்த யூனிட்டுகள் 8 ரூபாய். கணக்குப் பார்த்தால் 135 ரூபாயும் 192 ரூபாயும் சேர்ந்து 327 ரூபாய். அதோடு நிலையான கட்டணம் 210 ரூபாய். வரியையும் சேர்த்தால் 550 ரூபாய் அளவில் வரும். விலை அடிக்கடி மாறும் என்பதால் உங்கள் கடைசி பில்லை எடுத்து இதே முறையில் நீங்களே பார்த்துக் கொள்ளுங்கள். ஆனால் ஒன்று மாறாது. குறைவாக எரிக்கிற வீட்டுக்கு மின்சார சபை குறைந்த விலையில் கொடுக்கிறது. நிறைய எரிக்கிற வீட்டுக்கு மேல் படிகளில் விலை ஏறிக்கொண்டே போகும். அதே 2025 விலைப்படி 180 யூனிட்டைத் தாண்டினால் அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு யூனிட்டும் 60 ரூபாய்க்கு மேல்.

இதை மனதில் பிடித்துக் கொண்டால் பாதி விளங்கிவிடும். 60 ரூபாய் யூனிட்டை மிச்சம் பிடிக்கிற வீட்டுக்கு சோலார் இலாபமாக இருக்கலாம். 4 ரூபாய் 50 சதத்தையும் 8 ரூபாயையும் மிச்சம் பிடிக்கிற வீட்டுக்கு மாதம் மொத்தமே 327 ரூபாய்தான் மிச்சம். நிலையான கட்டணம் போகாது, அது மின்சார சபையின் இணைப்பு இருக்கும் வரைக்கும் இருக்கும். ஆகவே "பூச்சியம்" என்ற சொல்லைக் கேட்டவுடனேயே கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: "தம்பி, பூச்சியம் ஆகிறது எது? யூனிட் காசா, நிலையான கட்டணமா, லோன் தவணையா?" மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வாங்குங்கள். அவர் யூனிட் காசை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால், மற்ற இரண்டையும் யார் கட்டுவது என்பது தெரிந்துவிடும்.

இனி அந்தப் பேனைக் கணக்குக்கு வருவோம். 3 கிலோவாட் தொகுதி, விலை 6 இலட்சம். முற்பணம் 1 இலட்சம், மிச்சம் 5 இலட்சத்துக்கு லோன், 7 வருஷம், வருஷ வட்டி 15 வீதம். தவணை மாதம் 9,648 ரூபாய். லோன் யார் பெயரில்? கொழும்பில் கடையில் வேலை செய்கிற மகனின் பெயரில். பிணை யார்? அப்பாவும், பக்கத்து வீட்டு மாமாவும். இவ்வளவும் எழுதிவிட்டு, "கவலைப்படாதீங்க அம்மா, தவணையை மின்சார சபையே கட்டிடும்" என்று சொல்லியிருக்கிறார்.

எப்படிக் கட்டும்? அவர் எழுதியது இதுதான். மாதம் 360 யூனிட் உற்பத்தி. வீட்டுக்கு 54 போக மிச்சம் 306. ஒரு யூனிட்டுக்கு மின்சார சபை 27 ரூபாய் கொடுக்கும். அது 8,262 ரூபாய். பில் 550 ரூபாயும் மிச்சம். ஆக, 8,812 ரூபாய். தவணைக்குக் குறைவது 836 ரூபாய் மட்டும். "மாதம் 836 ரூபாயில ஏழு வருஷத்தில எல்லாம் உங்க சொத்து."

பெருக்கலிலும் கூட்டலிலும் பிழை எதுவும் இல்லை. பிழை எல்லாம் அவர் போட்ட எண்களில்தான் இருக்கிறது. நிலையான கட்டணத்தையும் சேர்த்து 550 ரூபாயை மிச்சம் என்று போட்டதைச் சொல்லிவிட்டோம். பெரிய பிழைகள் இன்னும் இரண்டு உண்டு.

முதலாவது, 360 யூனிட். நல்ல வெயில் அடிக்கிற சமவெளியில், நிழல் விழாத கூரையில், சரியான திசையில் சாய்த்து வைத்தால் 1 கிலோவாட்டில் இருந்து மாதம் 120 யூனிட் வரை வரலாம். அந்த 120ஐ மூன்றால் பெருக்கி நம்முடைய மலைக்கு எழுதியிருக்கிறார். நம்முடைய மலையில் காலையில் பனிமூட்டம். வைகாசி கடைசியில் தொடங்கி ஆவணி வரைக்கும் தென்மேல் பருவமழை, பல நாட்கள் சூரியனையே காண முடியாது. கூரைக்குப் பின்னால் மலை நின்றால் பின்நேரம் மூன்று மணிக்கே நிழல். பக்கத்தில் ஒரு நிழல் மரம் நின்றால், ஒரு தகட்டில் விழுகிற நிழல் அதோடு கோர்த்த மற்றத் தகடுகளின் உற்பத்தியையும் இழுத்துக் குறைக்கும். அந்த மரம் தோட்டத்தின் மரம், நாம் நினைத்த நேரத்தில் வெட்டவும் முடியாது. ஆகவே வருஷச் சராசரியாக 1 கிலோவாட்டுக்கு 90 யூனிட் என்று வைத்துப் பார்ப்போம். 3 கிலோவாட்டுக்கு 270.

இரண்டாவது, 27 ரூபாய். இந்த விலை பொய் அல்ல. 2024இல் சேர்ந்த வீடுகளுக்கு அது கிடைத்தது. ஆனால் 2025 நடுப்பகுதியில் புதிதாகச் சேர்கிற 5 கிலோவாட் வரையான தொகுதிகளுக்கு 20 ரூபாய் 90 சதம் என்று குறைக்கப்பட்டது. ஒப்பந்தம் எழுதுகிற காலத்தில் எந்த விலை இருக்கிறதோ அதுதான் நமக்கு. "எங்க அண்ணாவுக்கு 27 ரூபா போடுறாங்க" என்று ஒருவர் வந்து சாட்சி சொல்வார். அவர் சொல்வது உண்மையாக இருக்கும், ஆனாலும் நமக்கு அது கிடைக்காது. இன்னொன்றையும் கவனியுங்கள். 2016இல் தொடங்கிய ஒப்பந்தங்களில் 20 வருஷத்துக்கும் ஒரே விலை எழுதப்படவில்லை. முதல் 7 வருஷம் 22 ரூபாய், அதன்பிறகு 15 ரூபாய் 50 சதம். முதல் ஏழு வருஷத்து விலையை மட்டும் சொல்லி விற்ற ஏஜென்ட்மார் அப்போதும் இருந்தார்கள்.

இந்த இரண்டையும் திருத்திவிட்டு, அவருடைய கணக்கையே திரும்பப் போடுவோம். 270 யூனிட்டில் வீட்டுக்கு 54 போக 216. அதை 20 ரூபாய் 90 சதத்தால் பெருக்கினால் 4,514 ரூபாய். வீட்டில் மிச்சமாகும் யூனிட் காசு 327. மொத்தம் 4,841 ரூபாய். தவணை 9,648. குறைவது 4,807 ரூபாய். அதோடு நிலையான கட்டணம் 210. முன்பு மாதம் 550 ரூபாய் கட்டிய குடும்பம் இப்போது "பூச்சிய பில்" வாங்கிக் கொண்டு கையில் இருந்து 5,000 ரூபாய் கட்டுகிறது.

இது சராசரி. ஆடி மாதத்தில் மழை பிடித்து 180 யூனிட்தான் வந்தது என்று வையுங்கள். அந்த மாதம் வருமானம் 2,960 ரூபாய், தவணைக்குக் குறைவது கிட்டத்தட்ட 6,700 ரூபாய். மழை பலமாகப் பிடித்தால் நம்முடைய பேரும் குறைகிற மாதம் அது. வெயில் மாதத்தில் கூட வரும், உண்மை. ஆனால் தவணை மழையைப் பார்க்காது. இரண்டு மாதம் தவறினால் தண்ட வட்டி, மூன்றாவது மாதம் பிணை நின்ற மாமாவின் வீட்டு வாசலில் ஆள்.

இப்படியே ஏழு வருஷம் போனால் முற்பணத்தோடு சேர்த்து கையில் இருந்து 5 இலட்சம் ரூபாய் போயிருக்கும். லோன் முடிந்த பிறகு மாதம் 4,841 ரூபாய் நமக்கு. அந்த 5 இலட்சத்தை எடுக்க இன்னும் கிட்டத்தட்ட 9 வருஷம். அதாவது பதினாறாம் வருஷத்தில்தான் போட்டது திரும்பி வருகிறது. அதுவும் இன்வேர்ட்டர் ஒருமுறையும் மாற்றாமல் இருந்தால். இன்வேர்ட்டருக்கு உத்தரவாதம் பெரும்பாலும் 5 முதல் 10 வருஷம்தான். தகட்டுக்கு 25 வருஷம் என்று தாளில் பெரிதாகப் போட்டிருந்ததே, அது தகட்டுக்கு மட்டும். வேலை செய்கிற மூளை இன்வேர்ட்டர்தான். அது படுத்தால் தகடுகள் கூரையில் சும்மா கிடக்கும்.

இடி மின்னலையும் இங்கே சேர்த்துக் கேளுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்நேரத்தில் நம்முடைய மலையில் இடி விழாத கிழமை உண்டா? பல உத்தரவாதப் பத்திரங்களில் சின்ன எழுத்தில் "மின்னல் பாதிப்பு உள்ளடங்காது" என்று இருக்கும். மின்னல் தடுப்புக் கருவியும் நல்ல எர்த்தும் விலைக்குள் அடங்குமா, எரிந்தால் யார் மாற்றித் தருவது என்பதை எழுதி வாங்க வேண்டும்.

விலைக் கணக்கை விட்டுவிட்டு வேறு ஒரு வாக்குறுதிக்கு வருவோம். நம்முடைய பெண்கள் இதில்தான் அதிகம் மயங்குகிறார்கள், அதில் நியாயமும் உண்டு. "கரண்ட் போனாலும் உங்க வீட்டில லைட் எரியும்." மழைக்காலத்தில் மரம் விழுந்து இரண்டு நாள் இருட்டில் கிடக்கிற பிரிவுகளுக்கு இதைவிடப் பெரிய ஆசை வேறு என்ன? ஆனால் சாதாரணமாக விற்கிற தொகுதி மின்சார சபையின் கம்பியோடு இணைந்தது. கம்பியில் மின்சாரம் நின்றால் இன்வேர்ட்டரும் தானாகவே நின்றுவிடும். அது குறை அல்ல, பாதுகாப்பு. மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறி வேலை செய்கிற தொழிலாளிக்கு நம்முடைய கூரையில் இருந்து மின்சாரம் போய் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை பகல் 11 மணியளவில் நாடு முழுக்க மின்சாரம் போனதே, அன்று வெயில் அடித்த இடங்களிலும் இந்த மாதிரித் தொகுதி வைத்திருந்த வீடுகளில் மின்சாரம் இல்லை.

மின்வெட்டிலும் லைட் எரிய வேண்டுமென்றால் பற்றரி வேண்டும், அதற்கேற்ற வேறு வகை இன்வேர்ட்டர் வேண்டும். அதற்கு விலை வேறு. கேள்வி ஒன்றே போதும்: "இந்த விலைக்குள் பற்றரி இருக்கா?" இல்லை என்று சொன்னால், அந்த வாக்குறுதியை அவரே தாளில் வெட்டிவிடச் சொல்லுங்கள்.

அதே 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் நடந்ததையும் நினைவில் வையுங்கள். ஆலைகளும் அலுவலகங்களும் மூடி மின் தேவை குறைந்தபோது, பகலில் மூன்று மணி வரைக்கும் கூரைச் சோலாரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை வீட்டுக்காரர்களைக் கேட்டது. நிறுத்தினால் அந்த நேரத்துக்கு யூனிட் இல்லை, காசும் இல்லை. விற்க வருகிறவருடைய கணக்கில் இப்படி ஒரு நாள்கூட இருக்காது.

தலைவர்களே, இதற்குமேல் வருவது நமக்கென்றே உள்ள விடயம். நகரத்தில் வீடு வாங்கியவருக்கு இந்தக் கேள்வி எழாது. நமக்கு இதுதான் முதல் கேள்வியாகவும் இருக்க வேண்டும். கூரை யாருடையது? மீட்டர் யாருடைய பெயரில் இருக்கிறது?

லயத்தில் ஒரு காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. முன்னால் ஒரு இஸ்தோப்பு. 3 கிலோவாட்டுக்கு இப்போது வருகிற பெரிய தகடு ஆறு வேண்டும். ஆறையும் பரப்பினால் கிட்டத்தட்ட 165 சதுர அடி. ஒரு காம்பராவின் தரை 120 சதுர அடி. ஆக நம்முடைய பங்குக் கூரையில் மட்டும் அது அடங்காது, பக்கத்து வீட்டுக் கூரைக்குப் போகும். அதுவும் கூரையின் இரண்டு பக்கத்தில் ஒரு பக்கம்தான் வெயிலுக்கு உதவும். தகடு ஒன்று 25 கிலோவுக்கு மேல் பாரம். ஆறு தகடும் சட்டமும் சேர்த்தால் இரண்டு பேர் எப்போதும் கூரையில் உட்கார்ந்திருப்பதைவிடப் பாரம். வெள்ளைக்காரன் காலத்து மரச்சட்டமும் துருப்பிடித்த தகரமும் அதைத் தாங்குமா? ஆணி அடித்த ஓட்டையால் ஒழுகினால் யார் வருவார்? ஒழுகுகிறது என்று சொல்லி நாம் தோட்ட நிர்வாகத்திடம் கூரைத் தகரம் கேட்டால், "நீங்கள்தானே ஓட்டை போட்டீர்கள்" என்ற பதிலுக்கும் தயாராக இருக்க வேண்டும்.

கட்டிடம் தோட்டத்தினுடையது என்றால் நிர்வாகத்தின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் கூரையில் எதுவும் ஏற்றக் கூடாது. அனுமதியைத் துரையிடம் "நாங்க பேசிக்கொள்ளுறோம்" என்று ஏஜென்ட் சொல்வார். அவர் பேசட்டும், கடிதம் நம் கைக்கு வந்த பிறகு முற்பணத்தைப் பற்றிப் பேசலாம். மின்சார சபை ஒப்பந்தம் எழுதுவது மின்சாரக் கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறதோ அவரோடுதான். சில பிரிவுகளில் பில் இன்னும் இறந்துபோன தாத்தாவின் பெயரில் வருகிறது. சில இடங்களில் கணக்கு தோட்டத்தின் பெயரில். அப்படியென்றால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். அதற்கு எவ்வளவு காலம் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

புதிய தனி வீடுகள் கிடைத்தவர்களுக்குக் கூரை நல்ல கூரை. அங்கேயும் உறுதிப் பத்திரம் கைக்கு வந்ததா என்று பாருங்கள். வராதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதை இங்கே உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

இதில் இன்னொரு பொறி லோன் தொடங்குகிற திகதி. பைனான்ஸ் கம்பனி காசை விற்பனையாளருக்குக் கொடுத்த நாளில் இருந்து நமக்குத் தவணை ஓடத் தொடங்கும். ஆனால் தகடு போட்ட உடனே காசு வராது. மின்சார சபையின் அனுமதி வர வேண்டும், பரிசோதனை நடக்க வேண்டும், உள்ளே வருவதையும் வெளியே போவதையும் தனித்தனியாக எண்ணுகிற புதிய மீட்டர் போட வேண்டும். நம்முடைய பகுதி டிரான்ஸ்போமரில் இடம் இல்லை என்று மின்சார சபை மறுக்கவும் கூடும். அந்த அனுமதி வருவதற்கு முன் தவணை நாலு மாதம் ஓடினால் அது 38,592 ரூபாய், ஒரு யூனிட் காசும் கைக்கு வராமல். ஆகவே கேள்வி இது: "மின்சார சபையின் அனுமதிக் கடிதம் வந்ததா? புதிய மீட்டர் போட்ட பிறகு தவணை தொடங்கும் என்று லோன் பத்திரத்தில் எழுதுவீர்களா?" எழுதமாட்டேன் என்று சொல்கிறவரிடம் அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை.

வருகிற யூனிட்டைப் பற்றியும் வாயால் பேச வேண்டாம். "ஆடி மாதத்தில் என் கூரையில் எத்தனை யூனிட் வரும்? நம்முடைய மலையிலேயே நீங்கள் போட்ட வீடு ஒன்றின் பன்னிரண்டு மாத பில்லைக் காட்டுங்கள்." இது ஒன்றே பலரைத் திருப்பி அனுப்பிவிடும். குருநாகலில் போட்ட வீட்டின் பில்லைக் காட்டினால் குருநாகலில் வாங்கிக் கொள்ளச் சொல்லுங்கள். எந்த முறையில் சேர்க்கிறார் என்பதையும் கேளுங்கள். ஒரு முறையில் மேலதிக யூனிட் அடுத்த மாதத்துக்குப் போகும், காசு வராது. இன்னொன்றில் மேலதிகத்துக்குக் காசு வரும். மூன்றாவது முறையில் உற்பத்தி முழுவதையும் மின்சார சபை வாங்கும், வீட்டு பில் வழக்கம்போல முழுதாக வரும். அந்த மூன்றாவது முறையைக் காட்டி "பூச்சிய பில்" என்று சொன்னால் அது வெறும் பொய்.

மீட்டர் பக்கத்துப் பிளக்கில் குத்தினால் பில் பாதியாகக் குறையும் என்று சந்தையில் விற்கிற சின்னப் பெட்டியைப் பற்றியும் ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். வாங்காதீர்கள். உள்ளே இருப்பது ஒரு சின்னக் கொண்டென்சரும் ஒரு பச்சை லைட்டும். வீட்டு மீட்டர் எண்ணுகிற யூனிட்டை அது குறைக்காது.

நம்முடைய அங்கத்தவருக்கு என்ன சொன்னோம் என்று கேட்பீர்கள். 54 யூனிட் வீட்டுக்கு இந்த லோன் வேண்டாம் என்றோம். மகனுக்கு அந்த 1 இலட்சம் கையில் இருந்தால் அது சேமிப்பாக இருக்கட்டும் என்றோம். அதே தோட்டத்தில் பலசரக்குக் கடை வைத்து, இரண்டு பெரிய பிரிஜ் போட்டு, மாதம் 300 யூனிட் எரிக்கிறவர் வந்து கேட்டால் நம்முடைய பதில் வேறாக இருக்கும். கூரையும் கணக்கும் அவருடைய பெயரில் இருந்தால் அவர் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், இரண்டு மூன்று கம்பனிகளிடம் விலை கேட்கலாம்.

கூட்டத்தில் ஒரு சகோதரி எழுந்து, "முற்பணம் குடுத்தாச்சு, இப்ப என்ன செய்யுறது?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையும் இங்கே எழுதுகிறோம். கொடுத்த காசுக்கு ரசீது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்றே போனில் எழுத்துச் செய்தி அனுப்பி, "இன்ன திகதி இவ்வளவு பெற்றுக்கொண்டீர்கள்" என்று கேட்டு அவருடைய பதிலை வாங்கி வையுங்கள். துண்டுப் பிரசுரத்தையும் பேனையால் எழுதிய தாளையும் எறியாதீர்கள், அதுதான் சாட்சி. லோன் பத்திரத்தில் கையெழுத்து வைக்காவிட்டால் வைக்க வேண்டாம். வைத்துவிட்டால் பத்திரத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் சங்க அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள், வாசித்துச் சொல்கிறோம். வந்தவர் மின்சார சபையில் இருந்து வந்ததாகச் சொல்லியிருந்தால் 1987க்கு அழைத்து விசாரியுங்கள்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, வியாபாரி ஒருவர் நுகர்வோரைத் தவறாக வழிநடத்துகிற விதத்தில் நடக்கக் கூடாது என்கிறது. 31ஆம் பிரிவு பொய்யாக எடுத்துச் சொல்லி விற்பதைத் தடுக்கிறது. அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. போனில் சொல்வதோடு நிறுத்தாமல் எழுத்திலும் முறைப்பாடு கொடுக்க வேண்டும், நாள் கடத்தக் கூடாது. "வாழ்நாள் முழுவதும் இலவச மின்சாரம்" என்று அச்சடித்த தாளும், மாதம் 9,648 ரூபாய் தவணை என்று எழுதிய தாளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினால் அதிகம் விளக்கம் எழுதத் தேவைப்படாது. கடிதம் எழுத உதவி வேண்டுமானால் சனிக்கிழமைகளில் அலுவலகத்தில் இருப்போம். வரும்போது கடைசி மூன்று மாத கரண்ட் பில்லையும் கொண்டு வாருங்கள்.